இரவில் நான்கு பேருக்கு மட்டும் ஒலிக்கும் போன்: முழுமையான வழிகாட்டி

அன்று இரவு 2:10க்கு அக்கா முதல் முறை கூப்பிட்டிருக்கிறாள். பிறகு 2:12, 2:15, 2:31, கடைசியாக 3:05. காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்து எழுந்தபோதுதான் ஐந்து மிஸ்டு காலையும் பார்த்தேன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. அக்கா தனி ஆளாகவே மருத்துவமனைக்கு அழைத்துப் போய், கட்டுப் போட்டு, விடிவதற்குள் வீட்டுக்கும் கூட்டி வந்துவிட்டாள். என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "போன் பக்கத்துல இல்லையா?"

போன் தலைமாட்டில்தான் இருந்தது. இரவு 11 மணிக்குத் தானாக மௌனமாகும்படி நானே அமைத்து வைத்திருந்தேன். அக்கா கூப்பிட்டால் மட்டும் ஒலிக்க வேண்டும் என்று அவள் பெயரையும் பட்டியலில் சேர்த்திருந்தேன். அமைப்பில் எந்தத் தவறும் இல்லை. அன்று மாலை ஒரு கூட்டத்துக்காக ரிங்டோன் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன், திரும்ப ஏற்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அடி முதல் நுனி வரை உட்கார்ந்து பார்த்தேன். நாம் எடுத்துக்கொள்ளப்போவது ஒரே ஒரு சூழல்: இரவில் தூங்குகிறோம், குறிப்பிட்ட நான்கு பேர் கூப்பிட்டால் போன் ஒலிக்க வேண்டும், மற்ற எதுவும் நம்மை எழுப்பக்கூடாது. இதைச் சரியாக அமைக்கத் தெரிந்துவிட்டால், அலுவலகக் கூட்டத்துக்கோ படிக்கும் நேரத்துக்கோ அமைப்பது இதே வேலையின் சின்ன வடிவம்தான்.

காவலர் வேறு, மணி வேறு

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. போனில் இரண்டு தனித்தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, ரிங்டோன் எவ்வளவு சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பது. சைலண்ட், வைப்ரேட், ஒலி அளவு எல்லாம் இதில் அடங்கும். இன்னொன்று, யாருடைய அழைப்பு நம் காதுவரை வரலாம் என்பது. திரையில் `Do Not Disturb` என்று இருப்பது இந்த இரண்டாவது. ஐஃபோனில் இதை உள்ளடக்கிய பெரிய ஏற்பாட்டின் பெயர் `Focus`. இனி இதை டிஎன்டி என்றே சொல்கிறேன்.

டிஎன்டி வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. பட்டியலில் இருப்பவரை உள்ளே விடுவார், மற்றவரை வெளியே நிறுத்துவார். ஆனால் உள்ளே விட்ட ஆள் அழைப்புமணியை அழுத்தும்போது அந்த மணி வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. போன் சைலண்டில் இருந்தால், அனுமதி பெற்ற அழைப்பும் திரையில் மட்டும் மின்னிவிட்டுப் போய்விடும். வைப்ரேட்டில் இருந்தால் அதிரும், ஒலிக்காது. என் அக்காவின் ஐந்து அழைப்புகளையும் காவலர் உள்ளே விட்டார். மணிதான் அடிக்கவில்லை.

பலர் டிஎன்டியையும் சைலண்டையும் சேர்த்தே போட்டு வைக்கிறார்கள், இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து. உண்மையில் அது பட்டியலையே செல்லாததாக்கிவிடுகிறது. டிஎன்டி நம்பி இருக்கும் இரவில் போன் முழு ஒலியில்தான் இருக்க வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இதுதான் சரி: அமைதியை டிஎன்டி பார்த்துக்கொள்ளும், ரிங்டோனை உரக்க வையுங்கள்.

யார் அந்த நான்கு பேர்

அமைப்புக்குள் போவதற்கு முன் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். என் பட்டியல்: அம்மா, அக்கா, அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர், வெளியூரில் படிக்கும் மகன். பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. அவரிடம் அம்மா வீட்டின் சாவி இருக்கிறது. அம்மாவால் போனைத் தொட முடியாத நிலை வந்தால் கூப்பிடப்போவது அவர்தான். பாசமானவர்களின் பட்டியலை எழுதிவிடுவது எளிது. நமக்கு வேண்டியது அது இல்லை, அவசரத்தில் நம்மை முதலில் கூப்பிடப்போகிறவர்களின் பட்டியல். இரண்டும் பல வீடுகளில் ஒன்றாக இருக்காது.

பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆள் உண்மையில் கூப்பிடும் எல்லா எண்களையும் எழுதுங்கள். அம்மாவுக்கு ஒரு செல்போன், ஒரு லேண்ட்லைன். மகனுக்கு இரண்டு சிம். போனுக்கு "அம்மா" என்று ஒரு ஆளைத் தெரியாது, கான்டாக்டில் பதிந்திருக்கும் எண்களைத்தான் தெரியும். வருகிற எண் அந்தக் கான்டாக்டில் இல்லை என்றால் அது அந்நியர் அழைப்புதான்.

அடுத்து கான்டாக்ட்ஸைத் திறந்து ஒவ்வொருவரையும் தேடிப் பாருங்கள். "அக்கா" என்று ஒன்று, "அக்கா புதுசு" என்று இன்னொன்று, சிம் கார்டில் பதிந்த பழையது ஒன்று என்று மூன்று இருக்கலாம். எல்லா எண்களையும் ஒரே கான்டாக்டில் சேர்த்து மற்றவற்றை நீக்கிவிடுங்கள். எண்களை + குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்துப் பதிவது நல்லது. யாராவது வெளிநாட்டில் இருந்து கூப்பிட்டாலும் போன் ஆளைச் சரியாக அடையாளம் காணும்.

இந்த வேலைக்கு ஒரு கால் மணி நேரம் ஆகும். மொத்த வழிகாட்டியிலும் அதிகப் பலன் தரும் கால் மணி நேரம் இதுதான்.

ஆண்ட்ராய்டில் அமைப்பது

ஆண்ட்ராய்டில் அனுமதிப் பட்டியல் என்பது பெரும்பாலும் நட்சத்திரமிட்ட கான்டாக்டுகள்தான். கான்டாக்டைத் திறந்தால் மேலே ஒரு நட்சத்திரம் இருக்கும். நான்கு பேருக்கும் அதைத் தட்டுங்கள். ஏற்கெனவே வேறு யாருக்காவது நட்சத்திரம் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எப்போதோ வசதிக்காக நட்சத்திரமிட்ட அலுவலக நண்பர் நள்ளிரவில் தெரியாமல் கூப்பிட்டால், அவர் அழைப்பும் ஒலிக்கும்.

இனி அமைப்புக்குப் போகலாம். போனுக்குப் போன் பாதை கொஞ்சம் மாறும். கூகுளின் பிக்சல் மாதிரியான போன்களில் புதிய பதிப்பு என்றால்:

```
Settings > Modes > Do Not Disturb
```

கொஞ்சம் பழையது என்றால்:

```
Settings > Sound & vibration > Do Not Disturb
```

சாம்சங்கில்:

```
Settings > Notifications > Do not disturb
```

எதுவும் கண்ணில் படவில்லை என்றால் `Settings` மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் disturb என்று அடியுங்கள், வந்துவிடும்.

உள்ளே `People` என்று இருக்கும். அதில் `Calls` தட்டினால் யாரை அனுமதிப்பது என்று கேட்கும். `Starred contacts` தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் `Repeat callers` என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டு வையுங்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். சாம்சங்கில் இது `Calls and messages` என்ற பெயரில் இருக்கும். அங்கே நட்சத்திரம் இல்லாமலேயே ஆட்களைத் தனியாகச் சேர்க்கலாம், எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது.

`Messages` பகுதியில் என் யோசனை `None`. குறுஞ்செய்தி ஒரு முறை டிங் என்று ஒலித்துவிட்டு நின்றுவிடும், தூங்குகிறவரை எழுப்ப அது போதாது. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கப் போதும். அவசரம் என்றால் கூப்பிடுங்கள், எழுத வேண்டாம் என்று நான்கு பேரிடமும் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்தது பலர் தவறவிடும் இடம்: அலாரம். ஆண்ட்ராய்டில் டிஎன்டி நேரத்தில் அலாரம் ஒலிக்கலாமா என்பதற்குத் தனி சுவிட்ச் உண்டு. `Alarms & other interruptions` என்ற பகுதியில் `Alarms` போடப்பட்டிருக்க வேண்டும். அது அணைந்திருந்தால் காலை அலாரமும் மௌனமாகிவிடும். வழக்கமாக அது போட்டுத்தான் இருக்கும், ஆனாலும் கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்கள் பகுதியில் எதற்கும் விதிவிலக்கு கொடுக்க வேண்டாம். ஒரு ஆப்பை அனுமதித்தால் அந்த நான்கு பேர் மட்டும் வரமாட்டார்கள், அந்த ஆப் அனுப்பும் மற்றவையும் கூடவே வந்து சேரும்.

கடைசியாக நேரம். `Schedules` பகுதியில் தூக்கத்துக்கான நேரத்தை, எனக்கு இரவு 11 முதல் காலை 6 வரை, எல்லா நாளுக்கும் வையுங்கள். கையால் போட்டு அணைக்கும் பழக்கத்தை நம்ப வேண்டாம். மேலிருந்து இழுத்து டிஎன்டி பொத்தானைத் தட்டினால், எவ்வளவு நேரத்துக்கு என்று நீங்கள் குறித்திராவிட்டால், நீங்கள் அணைக்கும்வரை அது நிற்கும். மறுநாள் பகல் முழுக்க யார் கூப்பிட்டும் ஒலிக்காமல் கிடந்த போன்களுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

ஐஃபோனில் அமைப்பது

ஐஃபோனில் 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் டிஎன்டி என்பது `Focus` என்ற குடும்பத்தில் ஓர் ஆள். `Do Not Disturb`, `Sleep`, `Work` என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். `Do Not Disturb` உள்ளே அம்மாவைச் சேர்த்திருப்பார்கள். இரவில் தானாக இயங்குவது `Sleep`. அதன் பட்டியல் காலியாக இருக்கும். அம்மா கூப்பிட்டால் ஒலிக்காது.

ஆகவே முதலில் முடிவு செய்யுங்கள்: இரவில் எது இயங்கப் போகிறது? தூக்க நேரத்தை ஏற்கெனவே ஹெல்த் ஆப்பில் அமைத்திருந்தால் அது `Sleep` ஆக இருக்கும். நான் சொல்வது, இரண்டிலும் அதே நான்கு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்பதுதான். தவறுதலாக எது இயங்கினாலும் பிழையில்லை.

```
Settings > Focus > Sleep > People
```

இங்கே இரண்டு வழி உண்டு. `Allow Notifications From` என்றால் நீங்கள் சேர்க்கும் ஆட்கள் மட்டும் உள்ளே, மற்றவர் வெளியே. `Silence Notifications From` என்றால் நேர் எதிர்: சேர்க்கும் ஆட்கள் வெளியே, மற்ற எல்லோரும் உள்ளே. அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டு அம்மாவைச் சேர்த்தால், உலகத்தில் அம்மா ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் போன் ஒலிக்கும். முதலாவதுதான் இருக்கிறதா என்று திரையை இன்னொரு முறை படியுங்கள்.

ஆட்களைச் சேர்த்ததும் கீழே அழைப்புகளுக்கான தேர்வு ஒன்று தனியாக இருக்கும். அதில் `Allowed People Only` இருக்கட்டும். `Favorites` என்று மாற்றினால் பிடித்தவர்கள் பட்டியலில் உள்ளவர்களும் கூப்பிட முடியும். நம் நான்கு பேர் கணக்குக்கு அது வேண்டாம். அங்கேயே `Allow Repeated Calls` உண்டு, அதைப் போட்டு வையுங்கள்.

ஆப்கள் பகுதியில் `Time Sensitive Notifications` என்று ஒன்று இருக்கும். தங்கள் அறிவிப்பு நேரத்தோடு பார்க்க வேண்டியது என்று ஆப்கள் தாங்களே குறித்துக்கொண்டவை இவை. இரவுக்கு அணைத்து வைப்பதே நல்லது. அலாரத்துக்குக் கவலை வேண்டாம், ஐஃபோனில் கடிகார ஆப்பின் அலாரம் `Focus` இருந்தாலும் ஒலிக்கும்.

இப்போது மணிக்கு வருவோம். பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஆரஞ்சு தெரிந்தால் சைலண்ட். அந்த சுவிட்ச் சைலண்டில் இருந்தால் பட்டியலில் இருப்பவர் அழைப்பும் ஒலிக்காது. இன்னொரு ஆபத்து பக்கவாட்டு ஒலிப் பொத்தான்கள். பாக்கெட்டில் அழுந்தி ரிங்டோன் ஒலி குறைந்துவிடும், நமக்குத் தெரியாது. `Settings > Sounds & Haptics` போய் `Change with Buttons` என்பதை அணைத்துவிட்டால் அந்தப் பொத்தான்களால் ரிங்டோன் ஒலி மாறாது. அன்று மாலை என் போனில் நடந்தது மாதிரியான விபத்தை இது பாதி தடுத்துவிடும்.

மீதிப் பாதியையும் தடுக்க ஐஃபோனில் ஒரு வழி இருக்கிறது. கான்டாக்டைத் திறந்து `Edit` தட்டி, `Ringtone` உள்ளே போனால் மேலே `Emergency Bypass` என்று ஒரு சுவிட்ச். இதைப் போட்டால் அந்த ஒருவருடைய அழைப்பு, `Focus` இருந்தாலும் சரி, போன் சைலண்டில் இருந்தாலும் சரி, ஒலிக்கும். காவலரையும் தாண்டி மணியையும் தானே அடிக்கும் சாவி இது. குறுஞ்செய்திக்கு `Text Tone` உள்ளே இதே சுவிட்ச் தனியாக இருக்கிறது. ஒன்றைப் போட்டால் மற்றது தானாகப் போடப்படாது.

இதை நான்கு பேருக்கும் போடலாமா? நான் போடச் சொல்ல மாட்டேன். இந்தச் சாவிக்கு இரவு பகல் தெரியாது. பரீட்சை அறையிலும், இறுதிச் சடங்கிலும், நீங்கள் போனை சைலண்டில் வைத்திருக்கும்போதும் அது ஒலித்தே தீரும். சும்மா பேசக் கூப்பிடும் பழக்கமே இல்லாத, கூப்பிட்டால் அவசரம் மட்டுமே என்ற ஒருவருக்கு இது பொருத்தம். என் நான்கு பேரில் அது பக்கத்து வீட்டுக்காரர். நாளைக்கு மூன்று முறை பேசும் அம்மா அல்ல.

பட்டியலில் இல்லாத எண்ணில் இருந்து வரும் அவசரம்

இதுவரை செய்ததில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அக்காவின் போனில் சார்ஜ் இல்லை, மருத்துவமனையில் யாரோ ஒருவரின் போனை வாங்கிக் கூப்பிடுகிறாள். அந்த எண் நம் பட்டியலில் இருக்க வாய்ப்பே இல்லை. இதற்காகத்தான் திரும்பக் கூப்பிடுபவரை அனுமதிக்கும் சுவிட்ச் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம்: ஒரே எண்ணில் இருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால், அந்த இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். ஐஃபோனில் அந்த நேரம் 3 நிமிடம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடம்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் அப்படி இல்லை. அக்கா அந்நிய எண்ணில் இருந்து 2:10க்குக் கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான் எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் மருத்துவரிடம் பேசிவிட்டு 2:15க்கு மறுபடி கூப்பிடுகிறாள். ஆண்ட்ராய்டு போன் ஒலிக்கும். ஐஃபோன் ஒலிக்காது, அதற்கு அது புதிதாக வந்த முதல் அழைப்பு. 2:10க்குக் கூப்பிட்டு எடுக்காததும் உடனே 2:11க்குக் கூப்பிட்டிருந்தால் இரண்டு போனுமே ஒலித்திருக்கும்.

அதனால் இந்த ஏற்பாட்டின் பாதி உங்கள் போனில் இல்லை, அந்த நான்கு பேரின் நினைவில் இருக்கிறது. அவர்களிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "ராத்திரி அவசரம்னா, எந்த போன்ல இருந்து கூப்பிட்டாலும், நான் எடுக்கலைன்னா உடனே அதே போன்ல இருந்து இன்னொரு தடவை கூப்பிடுங்க." அதே போன் என்பது முக்கியம். முதல் முறை ஒருவர் போனிலும் அடுத்த முறை இன்னொருவர் போனிலும் கூப்பிட்டால் அது இரண்டு முதல் அழைப்புகள்தான். பெரிய அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பல லைன்கள் வைத்திருப்பதால் இரண்டாவது அழைப்பு வேறு எண்ணில் வரலாம். அங்கே இந்த வழி கைகொடுக்காது.

விளம்பர அழைப்பு இரண்டு முறை வந்தால்? வரும், ஒலிக்கும். நான் அந்த விலையைக் கொடுக்கத் தயார்.

இன்னொன்றையும் இங்கே பார்த்துவிடுங்கள். தெரியாத எண்களை மொத்தமாக ஒலிக்காமல் செய்யும் வசதியும், விளம்பர அழைப்பைத் தடுக்கும் ஆப்களும் டிஎன்டியோடு சம்பந்தமில்லாமல் தனியாக வேலை செய்பவை. அவை இயங்கினால், அந்நிய எண்ணில் இருந்து வரும் இரண்டாவது அழைப்பு நம்மை எழுப்பும் என்று நம்ப முடியாது. இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப் கால்

நான் மேலே சொன்ன எல்லாமே சாதாரண போன் காலுக்கு. வாட்ஸ்அப் மாதிரி ஆப் வழியாக வரும் அழைப்பு போனுக்குப் போன், பதிப்புக்குப் பதிப்பு வேறு மாதிரி நடந்துகொள்ளும். சில போன்களில் பட்டியல் ஆளை அடையாளம் கண்டு ஒலிக்கும், சிலவற்றில் மற்ற அறிவிப்புகளோடு சேர்த்து அமுக்கிவிடும். அதோடு, இரவில் வைஃபையோ டேட்டாவோ அணைந்திருந்தால் அந்த அழைப்பு போன்வரை வந்தே சேராது.

வாட்ஸ்அப்பிலேயே பேசிப் பழகிய மகனிடம் இதைத்தான் தனியாகச் சொன்னேன்: அவசரம்னா நேரா நம்பருக்கு அடி. வெளிநாட்டில் இருப்பவருக்கு ஆப் கால் தவிர வேறு வழி இல்லை என்றால், கீழே சொல்லும் சோதனையை அந்த ஆப்பில் தனியாகச் செய்து பாருங்கள். ஒலித்தால் சரி. ஒலிக்காவிட்டால் அந்த ஆப்பை அனுமதித்துவிட்டு, ஆப்புக்குள் போய்க் குழுக்களை ஒவ்வொன்றாக மௌனமாக்க வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

தூங்கும் முன் சோதனை

சோதிக்காமல் நம்ப வேண்டாம். நான் சோதித்தும் ஏமாந்தேன் என்பதால் எப்படிச் சோதிப்பது என்றும் சொல்கிறேன்.

பகலில் ஒரு நேரம் பாருங்கள். பட்டியலில் உள்ள ஒருவரும் இல்லாத ஒருவரும் கூட இருந்தால் போதும். இரவில் இயங்கும் அதே முறையை, `Sleep` என்றால் `Sleep`, போடுங்கள். போனைப் பூட்டித் திரையை அணைத்து மேசையில் வையுங்கள். கையில் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் முடிவு தவறாக வரலாம். போன் பூட்டியிருக்கும்போது மட்டும் மௌனமாக்கு என்ற தேர்வு ஐஃபோனில் உண்டு, அது போட்டிருந்தால் திறந்த போனில் எல்லாமே ஒலிக்கும்.

முதலில் அக்கா ஒரே ஒரு முறை கூப்பிட வேண்டும். இந்த ஒரே ஒரு முறை என்பதில்தான் நான் ஏமாந்தேன். ஒரு தடவை லைன் சரியாகப் போகவில்லை என்று அவள் உடனே மறுபடி கூப்பிட்டாள், போன் ஒலித்தது, பட்டியல் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது அழைப்பு என்பதால் ஒலித்ததா, பட்டியலில் இருந்ததால் ஒலித்ததா என்று அதில் தெரியாது. முதல் அழைப்பே ஒலிக்க வேண்டும்.

அடுத்து பட்டியலில் இல்லாதவர் ஒரு முறை கூப்பிடட்டும். ஒலிக்கக்கூடாது. உடனே, இரண்டு நிமிடத்துக்குள், மறுபடி கூப்பிடட்டும். இப்போது ஒலிக்க வேண்டும். எதையாவது மாற்றிவிட்டு மறுபடி சோதிப்பதாக இருந்தால் 20 நிமிடம் கழித்துச் செய்யுங்கள். இல்லையென்றால் பழைய அழைப்பும் கணக்கில் சேர்ந்து, முதல் அழைப்பே ஒலித்து நம்மைக் குழப்பும்.

கடைசியாக, இரண்டு நிமிடம் கழித்து அடிக்கும்படி ஓர் அலாரம் வைத்துப் பாருங்கள்.

ஏதாவது ஒலிக்காவிட்டால் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி: டிஎன்டியை அணைத்துவிட்டு அதே ஆள் மறுபடி கூப்பிடட்டும். இப்போதும் ஒலிக்கவில்லை என்றால் குற்றம் மணியில், அதாவது சைலண்ட் அல்லது ஒலி அளவில். இப்போது ஒலித்தால் குற்றம் காவலரிடம், அதாவது பட்டியலிலோ கான்டாக்டிலோ. அழைப்பு வரும்போது திரையில் பெயர் வருகிறதா, வெறும் எண் வருகிறதா என்றும் பாருங்கள். வெறும் எண் வந்தால் கான்டாக்ட் பதிவில்தான் கோளாறு.

நாள்பட வரும் கோளாறுகள்

அமைத்தது அமைத்தபடியே இருக்கும் என்றாலும் சுற்றியுள்ளவை மாறும். மகன் சிம் மாற்றினான் என்றால் புது எண்ணைப் புதுக் கான்டாக்டாகப் பதியாமல் பழைய கான்டாக்டுக்குள் சேர்க்க வேண்டும். புதுப் போன் வாங்கினால் கான்டாக்டுகள் வந்துவிடும், டிஎன்டி அமைப்பு அப்படியே வந்ததா என்று திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஐஃபோனோடு ஆப்பிளின் கணினியோ டேப்லெட்டோ வைத்திருப்பவர்கள் `Share Across Devices` என்ற சுவிட்சைக் கவனியுங்கள். அது போட்டிருந்தால் கணினியில் வேலைக்காகப் போட்ட `Work` போனிலும் இயங்கும். அணைக்க மறந்தால் போனும் அதே பட்டியலில் நிற்கும்.

ஏரோபிளேன் மோடில் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பயன்படாது. அந்த நிலையில் காவலரும் இல்லை, மணியும் இல்லை, அழைப்பே வராது. கூப்பிடுகிறவருக்குத் தொடர்பே கிடைக்காது.

ஒலி அளவுக்கு நான் கண்ட தீர்வு இது. சாம்சங்கில் `Modes and Routines` வழியாகக் குறிப்பிட்ட நேரத்தில் ஒலியைத் தானாக ஏற்ற முடியும், அங்கே இரவு 10:55க்கு என்று வைத்துவிடலாம். பிக்சல் மாதிரிப் போன்களில் பவர் பொத்தானையும் ஒலி கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் வைப்ரேட்டாகும் ஒரு சுருக்கம் உண்டு. `Prevent ringing` என்ற பெயரில் `Settings` உள்ளே தேடினால் கிடைக்கும். அதைப் பயன்படுத்தாதவர்கள் அணைத்துவிடலாம். எந்தப் போனாக இருந்தாலும், சார்ஜில் செருகும் அந்தக் கணத்தில் ஒலிப் பொத்தானை ஒரு முறை அழுத்தி, திரையில் ரிங்டோன் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வைக்கிறேன். இரண்டு விநாடி ஆகும்.

போன வாரம் இரவு 1:40க்குப் போன் ஒலித்தது. அக்காதான். தூக்கத்தில் புரண்டபோது கை பட்டுவிட்டது என்றாள். "பரவாயில்லக்கா, எடுத்துட்டேன்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.